லேபுக்கும் ஸ்கேனுக்கும் எட்டு வாட்ஸ்அப் வாசகங்கள்: எழுதி, உடைத்து, திரும்ப எழுதிய விதம்

மன்னார்குடியில் எங்களுடையது சின்ன லேப். ரத்தம் தினமும் எடுக்கிறோம். செவ்வாய், சனி இரண்டு நாளும் தஞ்சாவூரிலிருந்து டாக்டர் வந்து ஸ்கேன் பார்ப்பார். முன்பதிவு செய்கிறவர்களுக்கு, எப்படித் தயாராகி வர வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்திகளை வகைவாரியாக எழுதி வைக்கும் வேலையை இந்த வருடம் எடுத்தேன். இப்போது எட்டு வாசகங்களில் வந்து நிற்கிறது. கவுண்ட்டரில் இருக்கும் பெண்கள் என்னைக் கூப்பிடாமலே அனுப்புகிறார்கள், வந்த வேலை முடியாமல் திரும்பிப் போகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். சின்ன கிளினிக், லேப் வைத்திருக்கும் யாருக்காவது உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் செய்தது, டெஸ்ட்டுக்கு ஒரு வாசகம். ரேட் கார்டை எடுத்து வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே எழுத ஆரம்பித்தேன். சுகர், கொழுப்பு, தைராய்டு, லிவர், கிட்னி, ஹீமோகுளோபின், முழு வயிறு ஸ்கேன், அடிவயிறு ஸ்கேன், கிட்னி ஸ்கேன் என்று நாற்பதைத் தாண்டிவிட்டது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் Quick replies என்று ஒரு வசதி உண்டு. ஒரு வாசகத்தைச் சேமித்து அதற்கு ஒரு சுருக்கம் கொடுத்துவிட்டால், தட்டச்சு செய்யும் இடத்தில் `/` போட்டு அந்தச் சுருக்கத்தை அடித்ததும் முழு வாசகமும் வந்து நிற்கும். அதில் ஐம்பதுதான் வைக்க முடியும். நாற்பது சொச்சம் சுருக்கங்களை யாரும் மனப்பாடம் செய்யப் போவதில்லை, அதனால் பெண்கள் பழகிய ஏழெட்டை மட்டும் வைத்து எல்லோருக்கும் ஓட்டினார்கள். லிவர் டெஸ்ட்டுக்கு எழுதியது தைராய்டுக்குப் போனது. நான் எழுதிய பாதி வாசகங்கள் ஒருநாளும் வெளியே போகவே இல்லை.

அதை நிறுத்திவிட்டு ஒரு நோட்டுப் போட்டோம். நாற்பது பக்க நோட்டு, மூன்றே பத்தி: என்ன டெஸ்ட், என்ன செய்துவிட்டு வந்தார், என்ன சொல்லித் திருப்பி அனுப்பினோம். யார் பெயரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த நோட்டுதான் உண்மையான வேலையைச் செய்தது. கொஞ்ச நாளில் பார்த்தால், மூன்றாவது பத்தியில் ஒரே நாலைந்து விஷயங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. வெறும் வயிற்றில் வர வேண்டியவர் ஏதோ குடித்துவிட்டு வந்தது, தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு வர வேண்டியவர் பஸ் ஸ்டாண்டிலேயே போய்விட்டு வந்தது, சாப்பிட்டு வர வேண்டியவர் பட்டினியாக வந்தது, சாப்பிட்ட பிறகு கொடுக்க வேண்டிய ரத்தத்துக்கு நேரம் தவறி வந்தது. டெஸ்ட் பெயர் எதுவாக இருந்தாலும் தவறு இவ்வளவுதான்.

அப்போதுதான் பிரிக்கும் முறையை மாற்றினேன். அப்பாயின்ட்மென்ட் வகை என்பது டெஸ்ட்டின் பெயர் அல்ல, வருகிறவர் வீட்டில் என்ன செய்துவிட்டு வர வேண்டும் என்பதுதான். அப்படிப் பிரித்தால் ஏழு வகைதான் வந்தது, எட்டாவது பிறகு சேர்ந்தது, அதைக் கீழே சொல்கிறேன். வெறும் வயிற்று ரத்தம் `/v1`. வெறும் வயிறும், சாப்பிட்ட பிறகும் என்று இரண்டு முறை எடுக்கும் ரத்தம் `/v2`. எப்போது வேண்டுமானாலும் கொடுக்கும் ரத்தம் `/r`. முழு வயிறு ஸ்கேன் `/s1`. சாப்பிடலாம், ஆனால் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு இருக்க வேண்டிய ஸ்கேன் `/s2`. எந்தக் கட்டுப்பாடும் இல்லாத ஸ்கேன் `/s3`. குளுக்கோஸ் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் இங்கேயே உட்கார வேண்டிய கர்ப்பகால சுகர் டெஸ்ட் `/k`. சுருக்கங்களை ஆங்கில எழுத்தில் வைத்ததற்குக் காரணம், `/` போட்டபின் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றுவது ஒரு தொல்லை, அவ்வளவுதான்.

இப்படிப் பிரித்ததில் நினைத்துப் பார்க்காத ஒரு வசதியும் கிடைத்தது. கர்ப்பம் தரித்து ஆரம்ப வாரங்களில் வயிற்றின் மேலே வைத்துப் பார்க்கும் ஸ்கேனுக்கும், கிட்னி கல் பார்க்க வருகிறவருக்கும் தயாரிப்பு ஒன்றுதான். இருவருக்கும் `/s2`தான் போகிறது. செய்தியில் எதற்காக ஸ்கேன் என்ற சொல்லே இல்லை. எங்கள் பக்கம் கொடுக்கும் போன் நம்பர் பெரும்பாலும் வருகிறவருடையதாக இருக்காது. அண்ணனுடையது, பக்கத்து வீட்டுப் பையனுடையது, சிங்கப்பூரில் இருக்கும் மகனுடையது. ஒரு பெண்ணுக்குக் கர்ப்பமா இல்லையா என்பது எங்கள் செய்தி மூலமாக இன்னொருவர் கைக்குப் போக வேண்டியதில்லை. ஆதாரும் டாக்டர் சீட்டும் எடுத்து வரச் சொல்லும் வரியையும் எல்லா ஸ்கேன் வாசகங்களிலும் ஒன்றுபோல வைத்துவிட்டேன், அதை வைத்தும் யாரும் எதையும் ஊகிக்க முடியாது.

சரி, வாசகத்துக்கு வருகிறேன். அதிக நேரம் பிடித்தது இதுதான்.

`/v1`க்கு நான் முதலில் எழுதியது "12 மணி நேரம் உணவு உட்கொள்ளாமல் வெறும் வயிற்றில் வரவும்". எல்லா லேபிலும் சுவரில் ஒட்டியிருக்கும் வரிதான். நோட்டில் பார்த்தால், இதைப் படித்துவிட்டு மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்தவர் இருக்கிறார். `/v2`இல் இருந்த "சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து" என்பதைப் படித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு இரண்டு மணிக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். அவசரத்தில் படிக்கும்போது கண்ணில் படுவது "2 மணி" மட்டும்தான். ஆகவே சாப்பாட்டைப் பற்றிய வரிகளில் மணி நேரக் கணக்கை எடுத்துவிட்டுக் கடிகார நேரமாகவே எழுதினேன்: "ராத்திரி 8 மணிக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்". வெறும் வயிற்று சுகருக்கு எட்டு மணி நேரம் போதும், கொழுப்புக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை கேட்பார்கள். காலை ஏழரைக்கு ரத்தம் என்றால் ராத்திரி எட்டு இரண்டுக்கும் சரியாக வருகிறது. அதற்காக இரண்டு வாசகம் வைக்கவில்லை.

அடுத்தது "வெறும் வயிறு" என்பதே. கோட்டூர் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஒரு அம்மா, "ஒண்ணும் திங்கல தம்பி, ஒரு சொம்பு நீராகாரம் மட்டுந்தான்" என்றார். அவர் சொன்னதில் பொய்யே இல்லை, இங்கே நீராகாரத்தைச் சாப்பாட்டுக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. காபியும் அப்படித்தான். "எதுவும் சாப்பிடாமல்" என்று எத்தனை முறை எழுதினாலும் குடிப்பது அதில் வராது. இன்னொரு பக்கம், தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று நினைத்துத் தொண்டை வறண்டு வந்தவர்களுக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்த வேண்டியிருந்தது. அதனால் கூடாதவற்றைப் பெயர் சொல்லியே எழுதி, தண்ணீரைத் தனி வரியில் வைத்தேன்:

"*முந்தின நாள் ராத்திரி 8 மணிக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.*
காலையில் காபி, டீ, பால், நீராகாரம், இளநீர் எதுவும் வேண்டாம்.
தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம்.
சுகர் மாத்திரையையும் இன்சுலினையும் கையில் எடுத்து வாருங்கள். ரத்தம் கொடுத்த பிறகு, சாப்பிடும்போது எடுத்துக்கொள்ளலாம்.
தண்ணீர் அளவாகக் குடிக்கச் சொல்லப்பட்டவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் முதல் நாளே போன் செய்யுங்கள். வெ3"

முதல் வரியில் இருக்கும் நட்சத்திரக் குறிகள் வாட்ஸ்அப்பில் அந்த வரியைத் தடித்த எழுத்தாகக் காட்டும். ஒரு வாசகத்துக்கு ஒரே ஒரு தடித்த வரி, அதைத் தாண்டினால் எதுவும் கண்ணில் படுவதில்லை. மாத்திரை வரியை நானாக எழுதவில்லை, எங்கள் பேத்தாலஜிஸ்டிடம் காட்டி அவர் திருத்திக் கொடுத்தது. மருந்தைப் பற்றிய எந்த வரியையும் கவுண்ட்டரில் இருப்பவர்களோ நானோ மாற்றக் கூடாது என்று வைத்திருக்கிறோம். கடைசியில் இருக்கும் "வெ3" பதிப்பு எண். நோயாளி போனை நீட்டிக் காட்டும்போது அவருக்குப் போனது பழைய வாசகமா புதுசா என்று அதை வைத்துத்தான் தெரிகிறது. பழைய வாசகம் இன்னும் ஒரு போனில் உயிரோடு இருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

ஸ்கேன் வாசகத்தில் சொல் பிரச்சினை வேறு. "சிறுநீர்ப்பை நிரம்பிய நிலையில் வரவும்" என்று மருத்துவமனைச் சீட்டில் இருக்கும். அதைப் படித்துவிட்டு "அப்டின்னா என்னா தம்பி?" என்று போன் வரும், போனை எடுப்பது நானாக இருந்தால் கேட்கிற பெண்ணுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். இப்போது இருப்பது "தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றுக்குப் போகாமல் இருக்க வேண்டும்". கவுண்ட்டர் பெண்கள்தான் இதை வைத்தார்கள், நான் வைத்ததைவிட நன்றாக இருக்கிறது.

சொல்லைவிட முக்கியமானது பஸ். ஒரு மணி நேரம் முன்பாக ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறவருக்குச் சரி. திருமக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிற பெண்ணுக்கு அது வதை. பாதிப் பேர் இறங்கியதும் முதலில் தேடுவது கழிப்பறையைத்தான், இங்கே வந்து திரும்பக் குடித்து, திரும்பக் காத்திருந்து, அதற்குள் டாக்டர் கிளம்பும் நேரம் வந்துவிடும். அதனால் `/s2`இல் தயாரிப்பையே இடம் மாற்றினேன்: "உங்கள் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள். தண்ணீர் இங்கே தருகிறோம், வந்த பிறகு குடிக்கலாம்." இதற்கு ஆன செலவு, ஸ்கேன் நாளில் கூடுதலாக இரண்டு இருபது லிட்டர் கேனும், நானூறு ரூபாய்க்கு வாங்கிய எவர்சில்வர் டம்ளர்களும். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு அந்த வகைத் தவறு நோட்டில் அநேகமாக வருவதே இல்லை. வாசகத்தை எவ்வளவு தேய்த்தாலும் இது வந்திருக்காது.

`/k`க்கு எதிர்ப்பக்கத் தொந்தரவு. கர்ப்பகால சுகருக்கு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுக்கும் முறைக்கு வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் சுகர் என்று காதில் விழுந்தாலே பட்டினியாக வந்துவிடுகிறார்கள், வெறும் வயிற்றில் அந்த இனிப்பைக் குடித்துவிட்டு வாந்தி எடுத்தால் அன்றைய டெஸ்ட் போச்சு. ஆகவே இந்த வாசகத்தின் தடித்த வரி "*வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்*" என்பதே. இரண்டரை மணி நேரம் இங்கே இருக்க வேண்டியிருக்கும், துணைக்கு ஒருவர் வரட்டும் என்பது அடுத்த வரி. வெறும் வயிற்றில் ஆரம்பித்து மூன்று முறை எடுக்கும் இன்னொரு முறையும் உண்டு. சீட்டில் அப்படி எழுதியிருந்தால் வாசகம் அனுப்புவதில்லை, போன்தான்.

இனி எட்டாவது வாசகம். இதுதான் எங்களைக் கொஞ்சம் ஆட்டிவைத்தது.

வடுவூரிலிருந்து ஐம்பதைத் தாண்டிய ஒருவர், சுகர்காரர். டாக்டர் சீட்டில் வெறும் வயிற்று சுகர், சாப்பிட்ட பிறகு சுகர், கொழுப்பு, முழு வயிறு ஸ்கேன், நாலும் இருந்தன. செவ்வாய்க்கிழமைக்குப் பதிவு. கவுண்ட்டரில் சரியாகத்தான் அனுப்பினார்கள், ரத்தத்துக்கு `/v2`, ஸ்கேனுக்கு `/s1`. மனுஷர் இரண்டையும் வரிக்கு வரி கடைப்பிடித்தார். ஏழரைக்கு ரத்தம் கொடுத்தார். `/v2`இல் சொன்னபடி போய் இட்லி சாப்பிட்டு மாத்திரை போட்டார். ஒன்பதரைக்கு இரண்டாவது ரத்தம். பதினொரு மணிக்கு டாக்டர் வந்து ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தால் பித்தப்பை சுருங்கிக் கிடக்கிறது. சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், உள்ளே கல் இருக்கிறதா, சுவர் தடித்திருக்கிறதா என்று பார்க்க முடியாது, அதற்காகத்தான் ஆறு மணி நேரமாவது சாப்பிடாமல் வரச் சொல்வது. "இன்னொரு நாள் வாங்க" என்று அனுப்ப வேண்டியதாகிவிட்டது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு வாசகமும் சரி. சேர்த்து அனுப்பியபோது ஒன்று சாப்பிடு என்றது, மற்றது சாப்பிடாதே என்றது.

இரண்டு வாசகங்களை ஒட்டி இடையில் ஒரு "ஆனால்" போட்டு இதைச் சரிசெய்ய முடியாது, வரிசையே மாற வேண்டும். சுகர்காரரைப் பதினொரு மணி வரை பட்டினி போடவும் முடியாது. டாக்டரிடம் பேசியதில், சனிக்கிழமை மட்டும் எட்டரைக்கே வந்துவிடுவதாக ஒத்துக்கொண்டார். அதை வைத்து `/v2s` எழுதினோம்: ஏழேகாலுக்கு வந்து முதல் ரத்தம், உடனே இங்கேயே தண்ணீர், எட்டரைக்கு ஸ்கேன், அது முடிந்ததும் சாப்பாடும் மாத்திரையும், சாப்பிட ஆரம்பித்த நேரத்தைக் கவுண்ட்டரில் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அதிலிருந்து இரண்டு மணி நேரத்தில் இரண்டாவது ரத்தம். கணக்கு சாப்பிட ஆரம்பித்த நேரத்திலிருந்து, முடித்த நேரத்திலிருந்து அல்ல. முதல் இட்லியைப் பிட்டபோது மணி என்ன என்று கேட்டால்தான் சரியான பதில் வருகிறது. இரண்டாவது ரத்தத்துக்கு வர வேண்டிய நேரத்தைக் கவுண்ட்டரில் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள், அவர்களாகக் கூட்டிப் பார்க்க வேண்டியதில்லை. மற்ற எந்தச் சேர்க்கைக்கும் இதுவரை வாசகம் கிடையாது. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு வகை விழுந்தால் வாசகம் போகாது, போன் போகும்.

இப்போது அனுப்பும் முறை. Quick replies வாசகத்துக்குள் பெயர், நேரம் தானாக நிரம்பாது. முதலில் "____ அவர்களுக்கு, ____ மணிக்கு" என்று கோடு விட்டு வைத்திருந்தோம். கூட்டமான காலை வேளையில் கோடு கோடாகவே போய்விட்டது. சரி, கவுண்ட்டர் கம்ப்யூட்டரில் எக்செல் இருக்கிறதே, அதிலேயே முழுச் செய்தியையும் தயாரித்து, ஒரு இணைப்பை அழுத்தினால் வாட்ஸ்அப் திறக்கிற மாதிரி செய்துவிடலாம் என்று இறங்கினேன். முதல் சோதனைச் செய்தியில் நேரம் என்ற இடத்தில் `0.3125` என்று இருந்தது. எக்செல் நேரத்தை ஒரு நாளின் பின்னமாக வைத்துக்கொள்கிறது, ஏழரை மணி என்பது 7.5-ஐ 24-ஆல் வகுத்தது. அதைச் சரிசெய்தால் அடுத்து இணைப்பு இருக்க வேண்டிய கட்டத்தில் `#VALUE!`. எக்செலின் HYPERLINK 255 எழுத்துக்கு மேல் இணைப்பை ஏற்காது. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அது ஓரளவு போதும். தமிழில் ஒவ்வொரு குறியீடும் இணைப்புக்குள் ஒன்பது எழுத்தாகிவிடும், க என்ற ஒன்றே `%E0%AE%95`. முகவரிக்கும் போன் நம்பருக்கும் 32 போனால் மீதி 223, அதாவது 24 தமிழ்க் குறியீடுகள். மெய்யின் புள்ளி, உயிர்மெய்யின் கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறியீடாகக் கணக்காகும் என்பதால் 24 என்பது நாலைந்து சொல்கூட இல்லை. வணக்கம் சொல்லி முடிக்கவே இடம் போதாது.

அதனால் வேலையை இரண்டாகப் பிரித்தேன். ஆளுக்கு ஆள் மாறுவதை மட்டும், அதாவது பெயர், கிழமை, தேதி, நேரம், கூகுள் ஷீட்டிலிருந்து இணைப்பாக அனுப்புவது. மாறாத தயாரிப்பு வாசகத்தை அதே உரையாடலில் அடுத்த செய்தியாக `/v1` என்று அடித்து அனுப்புவது. ஷீட்டில் A பெயர், B போன், C தேதி, D நேரம். B-யையும் D-யையும் வெறும் எழுத்தாக வடிவமைத்துவிட்டேன். D-யில் "காலை 7.30" போன்ற நேரங்கள் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி இருக்கும், யாரும் தட்டச்சு செய்வதில்லை, பின்னத் தொல்லையும் இல்லை. E-யில் போன் நம்பர், F-இல் கிழமை, G-யில் செய்தி, H-இல் இணைப்பு:

```
E2: =IF(LEFT(B2,1)="+",MID(B2,2,15),"91"&B2)
F2: =CHOOSE(WEEKDAY(C2),"ஞாயிறு","திங்கள்","செவ்வாய்","புதன்","வியாழன்","வெள்ளி","சனி")
G2: =A2&" வர வேண்டிய நாள்: "&F2&" "&TEXT(C2,"dd-mm")&", "&D2
H2: =HYPERLINK("https://wa.me/"&E2&"?text="&ENCODEURL(G2),"அனுப்பு")
```

E2 சிங்கப்பூர் மகன்களுக்காக. wa.me முகவரியில் நாட்டுக் குறியீடு கட்டாயம் இருக்க வேண்டும், கூட்டல் குறியும் முன்னால் சுழியமும் இருக்கக் கூடாது. B-யில் கூட்டல் குறியோடு தொடங்கினால் அந்தக் குறி மட்டும் நீங்கி மற்றது எழுதியபடியே போகும், இல்லையென்றால் 91 சேரும், வெளிநாட்டு நம்பரை +65 என்று முழுதாகப் பதிய வேண்டும். கிழமையைச் சேர்த்தது வேறு காரணத்துக்கு. "நாளை காலை" என்று ராத்திரி அனுப்பியதை மறுநாள் காலையில் படித்துவிட்டு அதற்கடுத்த நாள் வந்தவர்கள் உண்டு. மகன் அங்கே படித்து, ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொல்லும்போது "நாளை" எந்த நாளாகிறது என்று சொல்லவே முடியாது, சனிக்கிழமை என்றால் யார் சொன்னாலும் சனிக்கிழமைதான்.

பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு எஸ்எம்எஸ் முயற்சி செய்தோம். தமிழ் எழுத்து இருந்தால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 குறியீடுகள்தான், அதைத் தாண்டினால் இரண்டாகக் கணக்காகும். "செவ்வாய் காலை 7.30. ராத்திரி 8க்குள் சாப்பிடவும். காலை தண்ணீர் மட்டும்." இதை எண்ணிப் பார்த்தால் 71. ஒரு முற்றுப்புள்ளியை எடுத்தால் 70, உள்ளே வந்துவிடும். வந்து என்ன செய்ய, நீராகாரத்துக்கு இடமில்லை. நிறுவனம் மூலமாக மொத்தமாக அனுப்புவதென்றால் வாசகத்தை டிஎல்டி என்ற எஸ்எம்எஸ் பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிந்து, மாறும் இடங்களைத் தனியாகக் குறித்து ஒப்புதல் வாங்க வேண்டும், ஒரு சொல்லை மாற்றினாலும் திரும்பப் பதிய வேண்டும். எங்கள் அளவுக்கு அது தேவையில்லை என்று விட்டுவிட்டோம். அவர்களுக்குப் போன்தான், எட்டு வாசகமும் அச்சடித்து லேமினேட் செய்த அட்டை கவுண்ட்டரில் தொங்குகிறது, அதைப் பார்த்து அப்படியே படிக்க வேண்டும். படித்து முடித்ததும் "எத்தனை மணிக்குள்ள சாப்பிடணும், சொல்லுங்கம்மா" என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்பது அட்டையின் கடைசி வரி. அட்டைக்கு ஆனது நாற்பது ரூபாய்.

அடுத்த முறை செய்தால், வாசகம் எழுதும் முன்பே நோட்டைப் போட்டுவிடுவேன், ரேட் கார்டைத் தொடவே மாட்டேன். மூல வாசகம் ஷீட்டில் ஒரு பக்கம், Quick replies-இல் இன்னொரு பக்கம் என்று இரண்டு இடத்தில் திருத்த வேண்டியிருப்பது இன்னும் இடைஞ்சல்தான். பதிப்பு எண் இருப்பதால் சமாளிக்கிறோம்.

இப்போது கையில் இருப்பது தாமதச் செய்தி. தஞ்சாவூரிலிருந்து வரும் டாக்டர் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால் முக்கால் மணி நேரம் போய்விடும். "டாக்டர் வரத் தாமதமாகும், காத்திருக்கவும்" என்ற ஒரே வரியை எல்லோருக்கும் அனுப்புவது சரிப்படவில்லை. `/s3`காரர்களுக்கு அது போதும். `/s2`காரர்கள் ஏற்கெனவே தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு "போய்விட்டு வாருங்கள், டாக்டர் வரும் நேரம் தெரிந்ததும் திரும்பத் தண்ணீர் தருகிறோம்" என்று சொல்ல வேண்டும். `/v2s`காரர்களை அதற்கு மேல் பட்டினியாக வைக்க முடியாது, ஒன்பதேகாலுக்குள் டாக்டர் வராவிட்டால் சாப்பிடச் சொல்லிவிட்டு ஸ்கேனை மட்டும் வேறு நாளைக்கு மாற்ற வேண்டும். இந்த மூன்றையும் எழுதி டாக்டரிடம் கொடுத்திருக்கிறேன், ஒன்பதேகால் என்ற நேரத்தை மட்டும் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.